கடைசி நோட்டீஸ்: எதை எழுதணும், எதை அடிக்கணும்?

போன ஐப்பசியில் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து இளம் விவசாயி ஒருவர் கையில் ஒரு தாளோடு என்னைப் பார்க்க வந்தார். நெய்வேலி நகரியத்தில் ஒரு கடைக்கு மரபு அரிசி கொடுத்துவிட்டு, பாக்கிக்காக மாசக்கணக்கில் அலைந்தவர். "ஐயா, இதுதான் கடைசி நோட்டீஸ். இதுக்கும் மசியலைன்னா வக்கீல்தான். அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துடுங்க" என்றார். வங்கியில் இருந்த காலத்தில் கடன் பாக்கி நோட்டீஸ் நிறைய எழுதியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

படித்தேன். அந்தத் தாள் போய்ச் சேர்ந்திருந்தால் பணம் வந்திருக்காது. கடைக்காரர் அதையே எடுத்துக்கொண்டு இவர் மேல் புகார் கொடுக்க வழி இருந்தது. நம்மில் நிறையப் பேர் இப்படித்தான் எழுதுகிறோம். அதனால் அந்தத் தாளை நாங்கள் எப்படித் திருத்தினோம் என்பதை வரி வரியாகவே சொல்லிவிடுகிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம்.

முதலில் கணக்கு

அவரை உட்கார வைத்து முதலில் கேட்டது பில் புத்தகம். 2025 ஜனவரி 18-ஆம் தேதி, பில் எண் 14: மாப்பிள்ளைச் சம்பா 400 கிலோ, கிலோ 85 ரூபாய், கிச்சிலிச் சம்பா 600 கிலோ, கிலோ 75 ரூபாய். ஆக 79,000. பிப்ரவரி 22-ஆம் தேதி, பில் எண் 17: தூயமல்லி 500 கிலோ, கிலோ 80 ரூபாய், 40,000. இரண்டும் சேர்ந்து 1,19,000 ரூபாய். பில்லிலேயே "30 நாள் தவணை" என்று எழுதி, நகலில் கடைக்காரரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். அந்தக் கையெழுத்துதான் இந்த விவகாரத்துக்கே முதுகெலும்பு.

வரவு என்ன என்று கேட்டேன். மார்ச் 10-ஆம் தேதி 30,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்திருந்தது. "வேற ஏதாவது?" என்றதும் கொஞ்சம் தயங்கினார். "தூயமல்லியில 25 கிலோ வண்டு வச்சிடுச்சுன்னு மார்ச் 3-ஆம் தேதி திருப்பிக் கொடுத்தாங்க. நானும் எடுத்துட்டு வந்துட்டேன். அதையெல்லாம் எழுதணுமா ஐயா?"

கட்டாயம் எழுதணும். அந்த 2,000 ரூபாயை நாம் மறைத்தால், "வண்டு வைத்த அரிசியைக் கொடுத்துவிட்டு, திருப்பி எடுத்ததற்கும் சேர்த்துக் காசு கேட்கிறார்" என்று அவர் ஒரே வரியில் பதில் போடுவார். அப்புறம் மிச்சமுள்ள 1,475 கிலோவும் சந்தேகத்துக்குள் வந்துவிடும். நாமே கழித்துக் காட்டிவிட்டால் அந்த வாதம் அங்கேயே முடிந்துபோகும். திருப்பி எடுத்தது 25 கிலோ மட்டும்தான், மீதியை அவர் வைத்துக்கொண்டார் என்பதும் அதே வரியில் பதிவாகிவிடும்.

இன்னொன்று: வந்த 30,000 எந்தப் பில்லுக்கு? கொடுத்தவர் எதற்கு என்று சொல்லாவிட்டால், வாங்கியவர் எந்தப் பாக்கியில் வேண்டுமானாலும் வரவு வைத்துக்கொள்ளலாம் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. பழைய பாக்கியில் வைப்பதே நமக்கு நல்லது. கோர்ட்டுக்குப் போகும் கெடு ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாக ஓடுவதால், முதலில் கெடு முடியும் பில் குறைவாக இருக்கட்டும். ஆக பில் 14-இல் 49,000, பில் 17-இல் 38,000. மொத்தப் பாக்கி 87,000 ரூபாய்.

அவர் எழுதி வந்த தாளில் இருந்த தொகையோ ஒன்றரை லட்சம்.

அவர் எழுதியிருந்தது

தாளின் முக்கியமான பகுதியை அப்படியே தருகிறேன்:

"நீங்கள் திட்டம் போட்டு என்னை ஏமாற்றிய மோசடிக்காரர். எனக்கு வர வேண்டிய பணம், 24 சதவீத வட்டி, மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடு எல்லாம் சேர்த்து ரூ.1,50,000-ஐ ஏழு நாளில் தராவிட்டால் 420 கேஸ் போட்டு உள்ளே தள்ளுவேன். எல்லா இயற்கை விவசாயிகள் குழுவிலும் உங்கள் போட்டோவைப் போட்டு நாறடிப்பேன். நீங்கள் ரசாயன அரிசியை இயற்கை அரிசி என்று விற்பதும் எனக்குத் தெரியும். பணம் வந்தால் அதைப் பற்றிப் பேச மாட்டேன். இதுவே கடைசி எச்சரிக்கை."

கோபம் நியாயமானது. குத்தகையும் அறுப்புக் கூலியும் கைக்காசில் கொடுத்தவர். ஆனால் கடைசி நோட்டீஸைக் கடைக்காரர் மட்டும் படிக்கப் போவதில்லை. வழக்கு என்று போனால் நம் பக்கத்து ஆவணங்களில் அதுவும் ஒன்றாக நீதிபதி முன் வைக்கப்படும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்வி கேட்டோம். இதற்குக் கையில் காகிதம் இருக்கிறதா? இதைச் செய்வேன் என்று எழுதினால் உண்மையிலேயே செய்வேனா, செய்யச் சட்டம் விடுமா? இரண்டில் ஒன்றுக்காவது 'ஆமாம்' வராத வரியை அடித்தோம்.

"மோசடி, 420"

பணம் தராததெல்லாம் மோசடி ஆகிவிடாது. சரக்கை வாங்கும்போதே தரக்கூடாது என்ற கெட்ட எண்ணம் இருந்ததைக் காட்டினால்தான் அது ஏமாற்றுக் குற்றம். இவர் கடைக்காரரோ 30,000 கொடுத்திருக்கிறார். ஜூன் 2-ஆம் தேதி வாட்ஸ்அப்பில் "பாக்கி 87 தானே, ஆடி கழிச்சு தர்றேன்" என்று எழுதியும் இருக்கிறார். நம் பாக்கிக்கு அது நல்ல சாட்சி. ஆனால் மோசடி என்ற குற்றச்சாட்டுக்கு அதுவே எதிர் சாட்சி.

இதற்கு நம் தொழிலுக்குப் பக்கத்திலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. டெல்லி ரேஸ் கிளப்புக்குக் குதிரைத் தீவனத் தானியமும் ஓட்ஸும் கொடுத்துவந்த வியாபாரி ஒருவர், ஒன்பது லட்சத்துச் சொச்சம் பாக்கி என்று கிரிமினல் புகார் கொடுத்தார். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் புகாரின் பேரில் நடந்த நடவடிக்கையை ரத்து செய்தது. விற்ற சரக்கு வாங்கியவருக்குச் சொந்தமாகிவிடுகிறது. அதன் விலை வரவில்லை என்றால் அதற்கான வழி உரிமையியல் வழக்கு. அதை நம்பிக்கை மோசடி என்று கொண்டுவர முடியாது என்பதுதான் அதன் சாரம். வருஷக்கணக்கில் அலைந்து அந்த வியாபாரி திரும்பவும் ஆரம்பித்த இடத்துக்கே வந்தார்.

இதோடு, 420 என்பது பழைய சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. அதில் ஏமாற்றுக் குற்றம் 318-ஆவது பிரிவு. 2025-இல் நடந்த விற்பனைக்கு 420 என்று எழுதினால், வெறும் மிரட்டல்தான் என்று எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். வரியை அடித்தோம்.

"போட்டோ போட்டு நாறடிப்பேன்"

நம் வட்டாரத்தில் அதிகம் நடப்பது இதுதான். ஒருவருடைய பெயரைக் கெடுப்பேன் என்று மிரட்டுவதும் குற்ற மிரட்டல் என்ற வரையறைக்குள் வரும் (அதே சட்டத்தின் 351-ஆவது பிரிவு). போட்டே விட்டால் அவதூறு என்ற இன்னொரு பிரிவும் சேரும். அந்தப் புகார் கடைசியில் நிற்குமோ நிற்காதோ, நாம் பணம் கேட்டு நடந்தது போய், ஸ்டேஷனுக்குப் பதில் சொல்லி நடக்க ஆரம்பிப்போம். "ரெண்டு பேரும் புகாரை வாபஸ் வாங்கிக்கிட்டு சமாதானமா போங்க" என்று முடியும்போது 87,000 எங்கே போயிருக்கும்?

"பணம் வந்தால் பேச மாட்டேன்"

ஆறு வரியில் மிக ஆபத்தானது இது. கடைக்காரர் ரசாயன அரிசியை இயற்கை என்று விற்பதாக இவருக்குச் சந்தேகம் இருந்தது. ஆதாரம் இல்லை. ஆதாரம் இருந்தாலும் அதற்கு இடம் உணவுப் பாதுகாப்புத் துறை. அங்கே தனியாகப் புகார் கொடுக்கலாம். பாக்கிக் கடிதத்தில் அதை வைத்து, பணம் தந்தால் வாயை மூடிக்கொள்கிறேன் என்று எழுதினால், பயமுறுத்திப் பணம் பறித்தல் என்று சொல்ல அவருக்கு நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. இன்னொரு பக்கமும் பாருங்கள். வாங்குகிறவர்களை ஏமாற்றுகிறார் என்று தெரிந்தும், காசு வந்தால் சும்மா இருப்பேன் என்று ஒரு இயற்கை விவசாயி கையெழுத்துப் போடுவது நமக்கு அழகா? இதை நான் சொன்னதும் அவரே பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டார்.

"24 சதவீதம், மன உளைச்சல்"

பில்லில் வட்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதிக்கொள்ளாத இடத்தில் 24 சதவீதம் கேட்டால் கிடைக்காது. அதற்காக வட்டியே கிடையாது என்றும் இல்லை. 1978-ஆம் ஆண்டு வட்டிச் சட்டப்படி, வட்டி கேட்பேன் என்று எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தால், அதில் குறிப்பிடும் தேதியிலிருந்து நீதிமன்றம் வட்டி தரலாம். விகிதம், வங்கிகள் டெபாசிட்டுக்குத் தரும் உச்ச வட்டியை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு, எந்தத் தேதியிலிருந்து என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். அந்த ஒரு வரிக்குப் பண மதிப்பு உண்டு. மன உளைச்சல் தொகைக்குக் காகிதம் இல்லை, எடுத்துவிட்டோம்.

"ஏழு நாளில், இதுவே கடைசி"

எந்த நாளிலிருந்து ஏழு? எழுதிய நாளா, கிடைத்த நாளா? தேதியாகவே போடுங்கள். தபால் போய்ச் சேரவும், அவர் பணம் புரட்டவும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் விடுங்கள். இவர் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் மூன்று தடவை "கடைசி எச்சரிக்கை" அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றும் அடுத்ததன் பலத்தைக் குறைத்திருந்தது. கெடு முடிந்த மறுநாள் வக்கீலைப் பார்க்கத் தயாராக இருந்தால் மட்டும் 'இறுதி' என்று எழுதுங்கள்.

திருத்திய நோட்டீஸ்

அடித்தது போக மிஞ்சியதை வைத்து இப்படி எழுதினோம்:

பொருள்: அரிசி வழங்கியதற்கான பாக்கி ரூ.87,000 – வழக்குக்கு முந்தைய இறுதி அறிவிப்பு. நாள்: 10.11.2025

1. 18.1.2025 அன்று பில் எண் 14-இன்படி மாப்பிள்ளைச் சம்பா 400 கிலோ, கிச்சிலிச் சம்பா 600 கிலோ (ரூ.79,000), 22.2.2025 அன்று பில் எண் 17-இன்படி தூயமல்லி 500 கிலோ (ரூ.40,000) தங்கள் கடையில் ஒப்படைத்தேன். இரண்டு பில் நகலிலும் தாங்கள் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து உள்ளது. ஒவ்வொன்றுக்கும் தவணை 30 நாள்.

2. 3.3.2025 அன்று தூயமல்லியில் 25 கிலோவைத் தாங்கள் திருப்பித் தந்தீர்கள். அதற்குரிய ரூ.2,000-ஐக் கழித்துள்ளேன். மீதி அரிசி பற்றித் தாங்கள் எந்தக் குறையும் தெரிவிக்கவில்லை.

3. 10.3.2025 அன்று தாங்கள் செலுத்திய ரூ.30,000 பில் எண் 14-இல் வரவு வைக்கப்பட்டுள்ளது.

4. பாக்கி: பில் எண் 14-க்கு ரூ.49,000, பில் எண் 17-க்கு ரூ.38,000, மொத்தம் ரூ.87,000. 2.6.2025 தேதியிட்ட தங்கள் வாட்ஸ்அப் செய்தியில் இத்தொகையை ஏற்றிருக்கிறீர்கள்.

5. இத்தொகையை 28.11.2025-க்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். கணக்கில் மாறுபாடு இருந்தால், எந்தப் பில்லில் என்ன மாறுபாடு என்பதை அதே தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

6. சட்டப்பணிகள் குழுவின் மூலம் பேசி முடிக்க விரும்பினால், அதையும் அதே தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். எனக்குச் சம்மதம்.

7. மேற்கண்ட எதுவும் நடக்காவிட்டால், ரூ.87,000, 29.11.2025 முதல் வட்டி, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பேன்.

அவ்வளவுதான். ஒரே பக்கம். "இதுல கோபமே இல்லையே ஐயா, பயப்படுவாரா?" என்று கேட்டார். ஐந்தாம் பத்தியைப் பாருங்கள் என்றேன். கணக்கில் தப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று தேதி போட்டுக் கேட்டிருக்கிறோம். அவர் பேசாமல் இருந்துவிட்டு, பின்னால் கோர்ட்டில் புதுசாக "அரிசி சரியில்லை" என்றால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி அவரைத்தான் துரத்தும். ஏழாம் பத்தியில் இருப்பது நமக்குச் சட்டம் தந்திருக்கிற உரிமை. உரிமையியல் வழக்குப் போடுவேன் என்று சொல்வதை மிரட்டல் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆறாம் பத்தி இரக்கத்துக்காக எழுதியதில்லை. தாலுகா, மாவட்ட அளவில் இருக்கிற சட்டப்பணிகள் குழுவில், வழக்குப் போடுவதற்கு முன்பே மனு கொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு மக்கள் நீதிமன்றத்தில் தீர்வு எழுதினால், அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. அவர் வர மறுத்தால் மட்டும் அங்கே ஒன்றும் நடக்காது.

அனுப்பும் முறை

பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பும்போது பதிவும் டெலிவரிச் சான்றும் கேட்டு வாங்குங்கள். பில்லில் இருக்கிற முகவரிக்கே அனுப்புங்கள். அனுப்பிய கடிதத்தின் நகலிலும் நீங்கள் கையெழுத்துப் போட்டு, ரசீதோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். வாங்க மறுத்து உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். வாங்க மறுத்தார் என்று அதன் மேல் தபால்காரர் எழுதிய குறிப்பே நமக்குச் சான்று. வாட்ஸ்அப் செய்தியைப் படம் பிடித்து வைத்தால் மட்டும் போதாது. செய்தியை அழிக்காமல் அந்த போனையும் பத்திரப்படுத்துங்கள். அனுப்பிய பிறகு போனில் சண்டை வேண்டாம். கடிதத்தில் காத்த நிதானத்தை ஒரு குரல் பதிவில் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு எச்சரிக்கை

ஒன்று, கெடு. விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் அவகாசம். தவணை பேசியிருந்தால் அந்தத் தவணை முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். பில் 14-க்கு 30 நாள் தவணை 2025 பிப்ரவரி 17-இல் முடிகிறது. ஆகவே 2028 பிப்ரவரி 17-க்குள் வழக்கு விழ வேண்டும். நாம் எத்தனை நோட்டீஸ் அனுப்பினாலும் இந்தக் கெடு ஒரு நாள்கூட நீளாது. கெடு முடிவதற்குள் பாக்கிக்காரர் கையெழுத்துப் போட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடும். வாட்ஸ்அப் செய்தி அந்தக் கையெழுத்துக்கு ஈடாகுமா என்பதில் வாதம் வரும். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

இரண்டு, காசோலை. பாக்கிக்குக் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால் மேலே சொன்ன நோட்டீஸ் போதாது. அதற்குத் தனிச் சட்டம். வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்ததிலிருந்து அவருக்கு 15 நாள். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். நோட்டீஸில் கேட்கும் தொகை காசோலையில் இருக்கும் தொகையோடு அச்சாகப் பொருந்த வேண்டும். ஒரு கோடி ரூபாய்க் காசோலைக்கு நோட்டீஸில் இரண்டு கோடி என்று எழுதிவிட்டு, தட்டச்சுப் பிழை என்று சொன்ன ஒரு வழக்கில், நோட்டீஸே செல்லாது என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மன உளைச்சல், வட்டி என்று மொத்தமாகச் சேர்த்து எழுதும் பழக்கம் இங்கே வழக்கையே கொன்றுவிடும். காசோலை திரும்பினால் அந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.

பிறகு என்ன ஆச்சு

கெடுவுக்கு நாலு நாள் முன்னால் கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. 40,000 உடனே தருவதாகவும், மீதி 47,000-ஐ இரண்டு தவணையாகத் தருவதாகவும் சொன்னார். "எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா சரின்னு சொல்லுங்க" என்றேன். கொடுத்தார். அந்தக் காகிதத்தில் பில் எண்களும், அன்றைய பாக்கி 87,000 என்பதும், தவணைத் தேதிகளும் இருக்கின்றன. 40,000 வந்தது, முதல் தவணை 27,000-மும் வந்தது. மிச்சம் 20,000-க்கான தேதி இன்னும் வரவில்லை. வராமல் போனாலும் இப்போது கையில் காகிதம் இருக்கிறது.

நல்லவேளை, அந்த முதல் தாள் போகவில்லை. அதை அவர் கிழித்துப் போடாமல் பில் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார். அடுத்த அறுவடைக்குப் புதுசாக அடித்த பில் புத்தகத்தையும் கொண்டுவந்து காட்டினார். "30 நாள் தவணை. அதற்கு மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி" என்று அச்சிட்டு, அதன் கீழே வாங்குபவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்.